பிறப்புச் சான்றிதழே இல்லாத பெரியவர்களுக்குத் தாமதப் பதிவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அக்காவுக்கு நாற்பது வயதைத் தாண்டித்தான் பிறப்புச் சான்றிதழ் கிடைத்தது. அந்த விண்ணப்பத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன் நான்தான். அதன் பிறகு சொந்தக்காரர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பலருக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எல்லாம் தமிழ்நாட்டு நடைமுறைப்படி.

எனக்கு 45 வயது. பிறப்பைப் பதிவே செய்யவில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள். இப்போது எங்கே போய் ஆரம்பிப்பது?

"பதிவே செய்யவில்லை" என்பதை உடனே நம்ப வேண்டாம். முதல் வேலை தேடுவது. அந்தக் காலத்தில் பிறப்பைப் பதிந்தபோது குழந்தைக்குப் பெயரே வைத்திருக்க மாட்டார்கள். பதிவேட்டில் "பெண் குழந்தை" என்றும், அப்பா பெயர், அம்மா பெயர், ஊர் என்றும் மட்டும் இருக்கும். நீங்கள் போய் உங்கள் பெயரைச் சொல்லித் தேடச் சொன்னால் "இல்லை" என்றுதான் பதில் வரும். அப்பா, அம்மா பெயரைக் கொடுத்து, பிறந்த வருடத்துக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு வருடம் சேர்த்துத் தேடச் சொல்லுங்கள்.

அடுத்தது, சரியான ஊரில் தேட வேண்டும். பிறப்பு நடந்த இடத்தில்தான் பதிவு இருக்கும். நம் வீடுகளில் தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தானே? நீங்கள் வளர்ந்தது அப்பா ஊராக இருந்தாலும் பிறந்தது தாத்தா பாட்டி ஊரில் இருக்கலாம். நாங்கள் செய்த முதல் தப்பே இதுதான். அக்கா வளர்ந்த ஊரில் தேடி, அங்கே பதிவு இல்லை என்று சான்று வாங்கி, அதை வைத்து மனு போட்டோம். "பிறந்தது வேறு தாலுகா என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே" என்று மனு திரும்பி வந்தது. மூன்று மாதம் வீண்.

கிராமத்தில் பிறந்திருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் தொடங்குங்கள். பழைய பதிவேடுகள் அவரிடம் இருக்காது. தாலுகா அலுவலகத்திலோ அந்தப் பகுதி சார்பதிவாளர் அலுவலகத்திலோ இருக்கும். இரண்டு இடத்திலும் கேளுங்கள். நகராட்சி, மாநகராட்சி எல்லைக்குள் பிறந்திருந்தால் அந்த அலுவலகத்தின் சுகாதாரப் பிரிவு. மருத்துவமனையில் பிறந்திருந்தால், அந்த மருத்துவமனை எந்த ஊர் எல்லையில் இருக்கிறதோ அந்த ஊர்தான் கணக்கு, உங்கள் வீடு இருந்த ஊர் அல்ல.

ஆன்லைனில் தேடினேன், இல்லை என்று வருகிறது. அப்படியானால் பதிவு இல்லை என்றுதானே அர்த்தம்?

இல்லை. crstn.org தளத்தில் இருப்பது பெரும்பாலும் சமீப வருடப் பதிவுகள். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கையால் எழுதிய பதிவேடுகள் நிறைய இன்னும் கணினிக்கு ஏறவில்லை. ஆளை வைத்துப் பதிவேட்டைப் புரட்டித்தான் பார்க்க வேண்டும்.

தேடிப் பார்த்தேன், பதிவு இருக்கிறது. ஆனால் என் பெயர் இல்லை. தாமதப் பதிவுக்குப் போகவா?

வேண்டாம். ஒரே பிறப்பை இரண்டு முறை பதியக் கூடாது. உங்களுக்குத் தேவை பெயர் சேர்ப்பு மட்டும்தான். அது தனி நடைமுறை. பிறப்பைப் பதிந்த நாளிலிருந்து 15 வருடத்துக்குள் பெயர் சேர்க்க வேண்டும் என்பது விதி. பழைய பதிவுகளுக்காக அரசு பல முறை கெடு நீட்டித்திருக்கிறது. இப்போது கெடு திறந்திருக்கிறதா என்று அந்தப் பதிவாளரிடமே கேளுங்கள்.

பதிவு இல்லை என்று உறுதியாகிவிட்டது. யாரிடம் மனு கொடுக்க வேண்டும்? கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்கிறார்களே?

முன்பு அப்படித்தான். 1969-ஆம் வருடப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 13(3) பிரிவு, ஒரு வருடத்துக்கு மேல் தாமதமானால் முதல் வகுப்பு நீதித்துறை நடுவரின் உத்தரவு வேண்டும் என்று இருந்தது. அந்த அதிகாரம் இப்போது நிர்வாகத்தின் கைக்கு வந்துவிட்டது. 2023-இல் நாடாளுமன்றம் கொண்டுவந்த திருத்தம் 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி மாவட்ட நடுவர், உட்கோட்ட நடுவர் அல்லது மாவட்ட நடுவர் அதிகாரம் கொடுத்த நிர்வாகத்துறை நடுவர் உத்தரவிடலாம். நம் ஊரில் நடைமுறையில் அது வருவாய்க் கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ. கோர்ட்டில் போட்டுத் தருகிறேன் என்று யாராவது பெரிய தொகை கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

ஒரு விஷயம். ஆர்.டி.ஓ. ஆபீஸ் என்றதும் சிலர் லைசென்ஸ் எடுக்கிற வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் போய் நிற்கிறார்கள். நீங்கள் போக வேண்டியது வருவாய்த் துறையின் கோட்டாட்சியர் அலுவலகம். அதுவும் நீங்கள் பிறந்த ஊர் எந்தக் கோட்டத்தில் வருகிறதோ அந்தக் கோட்டம்.

மனுவோடு என்னென்ன வைக்க வேண்டும்?

சான்றுகளின் பட்டியலாக இதைப் பார்த்தால் குழம்பிவிடுவீர்கள். கோட்டாட்சியர் உத்தரவு போட வேண்டுமானால் நான்கு விஷயங்கள் அவருக்குத் தெளிவாக வேண்டும். எந்தத் தேதியில் பிறந்தீர்கள், எந்த இடத்தில் பிறந்தீர்கள், பெற்றோர் யார், இதுவரை பதிவாகவில்லையா. இந்த நான்கில் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஒரு தாள் வேண்டும். பத்துத் தாள் வைத்தும் மனு திரும்பி வருவது, பத்தும் ஒரே விஷயத்தைச் சொல்வதால்தான். ஆதார், பான், லைசென்ஸ், வாக்காளர் அட்டை என்று அடுக்குவார்கள். எல்லாவற்றிலும் பிறந்த தேதிதான் இருக்கும். பிறந்த ஊர் ஒன்றில்கூட இருக்காது.

பதிவாகவில்லை என்பதற்கான தாள் பதிவில்லாச் சான்று. அலுவலகங்களில் "நான் அவைலபிலிட்டி" என்று சொன்னால் உடனே புரியும். பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்து, தேடுதல் கட்டணம் கட்டினால், இத்தனாம் வருடப் பதிவேட்டைத் தேடினோம், பதிவு இல்லை என்று தருவார்கள். கையில் வாங்கியதும் மூன்று விஷயம் பாருங்கள்: ஊர் பெயர், தேடிய வருடங்கள், பெற்றோர் பெயர். தேடிய வருடத்தில் உங்கள் பிறந்த வருடம் இல்லாவிட்டால் அந்தச் சான்றால் பயன் இல்லை. பதிவேடு செல்லரித்துப் போயோ கிடைக்காமலோ இருந்தால், அதையும் அப்படியே எழுதித் தரச் சொல்லுங்கள். "பதிவு இல்லை" என்பதும் "பதிவேடு இல்லை" என்பதும் வேறு வேறு.

இதோடு நோட்டரி முன் கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம் ஒன்றும் வேண்டும். அம்மாவோ அப்பாவோ இருந்தால் அவர்கள் கொடுப்பது நல்லது. பிறந்த தேதி, இடம், யார் பிரசவம் பார்த்தார், ஏன் அப்போது பதியவில்லை, இதற்கு முன் எங்கும் பதியவில்லை ஆகிய ஐந்தும் அதில் இருக்கட்டும்.

பிறந்த தேதிக்கு எந்தச் சான்றை நம்புவார்கள்?

பிறந்த சமயத்தில் எழுதப்பட்ட தாளுக்குத்தான் முதல் மதிப்பு. மருத்துவமனை டிஸ்சார்ஜ் சீட்டு, பிரசவப் பதிவேட்டின் நகல், தடுப்பூசி அட்டை. கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேளுங்கள். பிறந்து சில வாரத்திலேயே எழுதியிருப்பார்கள். பிறந்த தேதி, பெற்றோர் பெயர், பல இடங்களில் ஊர் என்று எல்லாம் ஒரே வரியில் கிடைத்துவிடும்.

இவை இல்லாதவர்கள்தான் அதிகம். அவர்களுக்குப் பள்ளி ஆவணம்தான் தூண். எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழ், டி.சி., அதைவிட நல்லது முதன்முதலில் சேர்ந்த தொடக்கப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டு நகல். ஐந்தாவதோடு நின்றவர்களுக்கும் அந்தப் பதிவேடு இருக்கும். தலைமை ஆசிரியரிடம் மனு கொடுத்து, முத்திரையோடு நகல் வாங்குங்கள். அக்காவின் பள்ளியில் அந்தப் பழைய பதிவேடு நீள நோட்டாக, துணியில் கட்டி பீரோவின் மேல் இருந்தது. 1985-இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் பக்கத்தில் அக்கா பெயர், அப்பா பெயர், தொழில், பிறந்த தேதி 4-8-1979 என்று நீல மையில். ஓரத்தில் அப்பாவின் கையெழுத்து. அந்தக் கையெழுத்தால் தேதியோடு பெற்றோர் விவரத்துக்கும் அந்த ஒரு தாளே பலமாக நின்றது.

ஜாதகம் மட்டும் வைத்தால் நிற்காது. எப்போது வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம் என்பதால் துணைச் சான்றாக மட்டும் பார்ப்பார்கள். பழைய எல்.ஐ.சி. பாலிசி, அரசு வேலையில் இருந்தால் பணிப்பதிவேடு, இவையும் துணைக்கு நல்லவை.

ஆதாரில் பிறந்த தேதி இருக்கிறதே, அது போதாதா?

போதாது. ஆதார் நீங்கள் யார் என்பதற்கான சான்று. பிறந்த தேதிக்கு அதைச் சான்றாகக் கொள்ள வேண்டியதில்லை என்று ஆதார் ஆணையமே 2023 டிசம்பரில் சுற்றறிக்கை விட்டது. 2024 அக்டோபரில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றமும், வயதுக்கு ஆதாரை எடுக்காமல் பள்ளி மாற்றுச் சான்றிதழைத்தான் எடுத்தது. மனுவோடு ஆதாரை வையுங்கள், அடையாளத்துக்காக. ஆனால் அதில் உள்ள தேதியும் பள்ளித் தேதியும் வேறாக இருந்தால், மனு போடுவதற்கு முன்பே ஆதாரைத் திருத்திவிடுங்கள்.

வீட்டில்தான் பிறந்தேன். மருத்துவச்சி எப்போதோ இறந்துவிட்டார். பிறந்த இடத்துக்கு என்ன சான்று காட்டுவது?

பெரும்பாலான மனுக்கள் தடுக்கி விழுவது இங்கேதான். அதனால் எங்கள் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அக்கா பிறந்தது தாத்தா வீட்டுத் திண்ணையை ஒட்டிய அறையில். தேதிக்குப் பள்ளிப் பதிவேடு இருந்தது. இடத்துக்கு ஒன்றுமே இல்லை. அப்போதுதான் என் பிறப்பு ஞாபகம் வந்தது. மூன்று வருடம் கழித்து நானும் அதே வீட்டில்தான் பிறந்தேன், எனக்கு மட்டும் தாத்தா போய்ப் பதிந்திருந்தார். என் பிறப்புச் சான்றிதழில் அதே அப்பா, அதே அம்மா, பிறந்த இடம் அதே கிராமம். அம்மா பிரசவத்துக்கு அந்த ஊருக்குத்தான் போவார் என்பதற்கு அது அரசாங்கமே கொடுத்த சாட்சி. கூடப் பிறந்தவர்களில் ஒருவருக்காவது பதிவு இருந்தால் முதலில் அதை எடுத்து மனுவோடு வையுங்கள்.

அடுத்து, அந்த வீடு தாத்தாவுடையது என்று காட்டப் பழைய பட்டாவும் வீட்டு வரி ரசீதும் வைத்தோம். தாத்தாவுக்கு அம்மா மகள்தான் என்பதற்கு, தாத்தா இறந்தபோது வாங்கிய வாரிசுச் சான்று இருந்தது.

கடைசியாக ஆட்கள். அந்தத் தெருவிலேயே இருக்கும், அக்காவை விட இருபது வயதாவது மூத்த இரண்டு பேர். சாட்சி சொல்பவருக்கு அந்தச் சமயத்தில் விவரம் தெரிகிற வயது இருந்திருக்க வேண்டும். அக்காவின் வயதே உள்ள தோழி வந்து "இவள் இங்கேதான் பிறந்தாள்" என்றால் அது எடுபடாது. எங்களுக்கு வந்த பாட்டிகளில் ஒருவர் மருத்துவச்சியின் மகள். "ஆடிப்பெருக்குக்கு மறுநாள், ஆற்றில் தண்ணி போயிட்டிருந்தது, அம்மாவை நான்தான் கூட்டிட்டு வந்தேன்" என்றார். 1979-இல் ஆடிப் பதினெட்டு ஆகஸ்ட் 3. பள்ளிப் பதிவேட்டில் இருந்ததோ ஆகஸ்ட் 4. எழுத்தில் இருந்ததும் வாய்ச்சொல்லும் தனித்தனியே வந்து ஒரே நாளில் நின்றதால், விசாரித்த வருவாய் ஆய்வாளர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

சாட்சிகளுக்குத் தேதியைச் சொல்லிக்கொடுத்து அழைத்துப் போகாதீர்கள். எண்பது வயதுப் பாட்டி "4-8-1979" என்று ஒப்பித்தால் யாருக்கும் சந்தேகம் வரும். அவர்களுக்கு நினைவில் இருப்பது திருவிழாவும் வெள்ளமும் அறுப்பும்தான். அதையே சொல்லட்டும்.

அம்மா அப்பா இருவருமே இல்லை. யார் பிரமாணப் பத்திரம் கொடுப்பது?

நீங்களே கொடுக்கலாம். கூடவே அப்போது விவரம் தெரிந்த வயதில் இருந்த மூத்த உறவினர் ஒருவரும் கொடுத்தால் பலம். பெற்றோரின் இறப்புச் சான்றிதழ்களையும், உங்கள் பெயர் வருகிற வாரிசுச் சான்றையும் சேருங்கள். இவருக்கு இவர் பிள்ளை என்பதற்கு அதைவிடத் தெளிவான தாள் குறைவு.

அம்மா பெயர் ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. சிக்கலாகுமா?

ஆகும். விசாரணையில் அவர்கள் முதலில் கவனிப்பதே அதைத்தான். ரேஷன் கார்டில் வீட்டில் கூப்பிடும் பெயர், பள்ளியில் முழுப் பெயர் என்று இருப்பது சகஜம். மறைக்காமல் பிரமாணப் பத்திரத்திலேயே, இந்த இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று ஒரு பத்தி எழுதிவிடுங்கள். எந்தப் பெயர் பதிவாக வேண்டும் என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். ஆங்கிலத்தில் எழுத்துக்கு எழுத்து எப்படி வர வேண்டும் என்பதும் முக்கியம், பாஸ்போர்ட்டோடு அது ஒத்துப்போக வேண்டும்.

பள்ளியில் இருக்கும் தேதி உண்மையான தேதி இல்லை. உண்மைத் தேதியையே பதியலாமா?

அந்தக் காலத்தில் குழந்தையின் கையைத் தலைக்கு மேலே வளைத்துக் காதைத் தொடச் சொல்லிப் பார்ப்பார்கள். எட்டினால் ஐந்து வயது. ஜூனில் ஐந்து நிரம்ப வேண்டுமே என்று வாத்தியாரே ஒரு மே மாதத் தேதியையோ ஜூன் முதல் தேதியையோ போட்டுவிடுவார். இப்படி லட்சணமாக ஜூன் 1-இல் பிறந்தவர்கள் நம்மில் ஏராளம்.

சட்டப்படி பதிய வேண்டியது உண்மைத் தேதிதான். தெரிந்தே தவறான தகவல் கொடுப்பது 23-ஆம் பிரிவின்படி குற்றம். ஆனால் உண்மைத் தேதி என்று நீங்கள் சொல்வதற்கு என்ன சான்று இருக்கிறது என்று பாருங்கள். மருத்துவமனைத் தாளோ ஞானஸ்நானப் பதிவோ இருந்தால் தைரியமாக அதன்படி கேட்கலாம். அதற்குப் பிறகு ஆதார், பான், பாஸ்போர்ட் எல்லாவற்றையும் மாற்றும் வேலை இருக்கிறது. பள்ளிச் சான்றிதழில் மாற்ற நீதிமன்றத் தீர்ப்பு வரை கேட்பார்கள். வீட்டுப் பேச்சு மட்டும்தான் சான்று என்றால், நாற்பது வருடமாக எல்லாத் தாளிலும் இருக்கும் தேதிக்கு எதிராக அது நிற்பது கடினம்.

அரசு ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. ஓய்வைத் தள்ளிப்போட இந்த வழியை நினைத்தால் பயன் இல்லை. பணிப்பதிவேட்டில் பிறந்த தேதியை மாற்ற, வேலையில் சேர்ந்து ஐந்து வருடத்துக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும்.

மனு கொடுத்த பிறகு என்ன நடக்கும்?

கோட்டாட்சியரிடமிருந்து மனு தாசில்தாருக்குப் போகும். அங்கிருந்து வருவாய் ஆய்வாளர், கிராம நிர்வாக அலுவலர். அவர்கள் ஊரில் விசாரித்து, உங்களிடமும் சாட்சிகளிடமும் வாக்குமூலம் எழுதி வாங்கி, அறிக்கையை அதே வழியில் மேலே அனுப்புவார்கள். தேவைப்பட்டால் கோட்டாட்சியர் நேரிலும் கூப்பிடுவார். அசல் ஆவணங்களோடு போங்கள்.

தாள் எந்த மேசையில் இருக்கிறது என்று தெரியாமல் போவதுதான் இதில் பெரிய தலைவலி. மனு கொடுத்த அன்றே நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். கீழே அனுப்பியதும் அந்தக் கோப்பின் எண்ணை, ந.க. எண் என்பார்கள், கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த எண்ணைச் சொன்னால்தான் தாலுகா அலுவலகத்தில் தாளைத் தேடி எடுப்பார்கள். அக்காவுக்கு இரண்டாவது முறை மனு போட்டதிலிருந்து உத்தரவு வர ஐந்து மாதம் ஆனது. அதில் இரண்டு மாதம் அறிக்கை ஒரு மேசையில் சும்மா கிடந்தது.

உத்தரவு வந்தால் வேலை முடியவில்லை. அது சான்றிதழ் அல்ல, பதியச் சொல்லும் ஆணை. அதை எடுத்துக்கொண்டு பிறந்த ஊரின் பதிவாளரிடம் போய், தாமதக் கட்டணம் கட்டி, பதிந்த பிறகுதான் சான்றிதழ். கட்டணம் சில நூறு ரூபாய்தான். அச்சுப் போடும் முன் திரையில் ஒவ்வொரு எழுத்தையும் படித்துப் பாருங்கள். பிறகு திருத்துவது தனி அலைச்சல்.

நிராகரித்துவிட்டால்?

வாய்மொழியாகச் சொன்னால் ஏற்காதீர்கள். காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் காரணம், மேலே சொன்ன நான்கில் ஒன்றுக்குச் சான்று இல்லை என்பதாகத்தான் இருக்கும். அதைச் சரிசெய்து மறுபடி மனு போடலாம். சான்றுகள் முழுமையாக இருந்தும் மறுத்தால் மாவட்ட ஆட்சியரிடம் முறையிடுங்கள். அதற்கும் மேல் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. அந்த இடத்தில்தான் வக்கீல் தேவை.

பாஸ்போர்ட்டுக்காகத்தான் கேட்கிறேன். இவ்வளவும் செய்தே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. பிறப்புச் சான்றிதழ் மட்டும்தான் ஏற்கப்படும் என்பது 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு. அதற்கு முன் பிறந்தவர்கள் பள்ளிச் சான்று, பான் அட்டை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை போன்றவற்றைப் பிறந்த தேதிக்குக் காட்டலாம். செய்தியைப் பாதி கேட்டுவிட்டுப் பயந்து வருகிறவர்கள் நிறையப் பேர்.

வெளிநாட்டு விசாவுக்குக் கேட்கிறார்கள். இப்போது பதிந்த சான்றிதழை ஏற்பார்களா?

சான்றிதழில் பிறந்த தேதிக்குக் கீழே பதிவு செய்த தேதியும் இருக்கும். அக்காவுடையதில் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நாற்பது வருடத்துக்கு மேல் இடைவெளி. அதைப் பார்த்ததும் தூதரகங்கள் கூடுதல் சான்று கேட்பது வழக்கம். அமெரிக்கக் குடியேற்ற விண்ணப்பங்களுக்கு, பதிவில்லாச் சான்றோடு பள்ளி ஆவணமும் உறவினர்களின் பிரமாணப் பத்திரமும் சேர்த்துக் கொடுக்கும் வழியும் இருக்கிறது. அதனால் தாமதப் பதிவில் இறங்கும் முன் நீங்கள் போகும் நாட்டின் தூதரகப் பக்கத்தில் என்ன கேட்கிறார்கள் என்று படியுங்கள். எப்படி இருந்தாலும் பதிவில்லாச் சான்றின் அசலைக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வராதீர்கள். இரண்டு பிரதி வாங்கி ஒன்றை வீட்டில் வையுங்கள். அக்காவுக்குச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகும் தூதரகத்தில் அந்த இரண்டாவது பிரதியையும் பள்ளிப் பதிவேட்டு நகலையும் கேட்டார்கள்.